உஷார்! குட்டியின் படத்தைப் பார்த்து இனம் சொல்லாதீர்கள்

ஃபோனில் வந்த ஒரே ஒரு படத்தை நம்பி நாய்க்குட்டி வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். காசை அனுப்பிவிடாதீர்கள். இதைப் படித்த பிறகு முடிவெடுங்கள்.

கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை என்று கொழும்பில் எந்தப் பக்கம் போனாலும் இப்போது இதே கதைதான். வட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். கறுத்த முகம், தொங்கும் காது, கட்டையான தடித்த கால்கள், உருண்டை வயிறு. கீழே ஒரு வரி: "அல்சேஷன் குட்டி, தாய் தகப்பன் ஒரிஜினல், இன்றைக்கே எடுங்கள்." பிள்ளைகள் பார்த்துவிட்டால் வீட்டில் சாப்பாடு இறங்காது. வாங்கித் தா என்று ஒரே அடம்.

அந்தப் படத்தில் இருப்பது அல்சேஷனாகவும் இருக்கலாம். லெப்ரடோர் கலப்பாகவும் இருக்கலாம். தெருவோரம் பிறந்த ஊர் நாய்க்குட்டியாகவும் இருக்கலாம்.

படத்தில் அது தெரியாது. அனுபவம் உள்ளவருக்கும் தெரியாது.

கிராண்ட்பாஸில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவர் மனம் நோகும். பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இரண்டு அறை வீடு. முற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு முறை வீட்டில் திருட்டுப் போனதால் காவலுக்கு அல்சேஷன் வேண்டும் என்று மகன் நின்றான். படம் வந்தது. முற்பணம் போனது. குட்டியை வீதியோரத்தில் வைத்து ஒருவர் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோவில் போய்விட்டார். தாய் நாயை யாரும் பார்க்கவில்லை. இரண்டு மாதக் குட்டி என்று வாயால் சொன்னதைத் தவிர வேறு விபரம் எதுவும் கிடைக்கவில்லை.

மூன்று மாதம் ஆனது, காது நிற்கவில்லை. நான்கு மாதம் ஆனது, ஒரு காது பாதி எழும்பி நுனியில் மடிந்தது. மற்றது தொங்கியே கிடந்தது. அப்போதுதான் ஆளாளுக்கு வைத்தியம் சொல்லத் தொடங்கினார்கள்.

"காது இன்னும் நிக்கல்லயா அக்கா? கெல்சியம் குடுங்க, ரெண்டு கிழமையில நிக்கும்."

அவர் கொடுத்தார். மனிதர்கள் குடிக்கும் கெல்சியம் மாத்திரையைப் பொடித்து, பாலில் கலந்து, காலையும் மாலையும் கொடுத்தார். இன்னொருவர் சொன்னார் என்று மகன் இரண்டு காதையும் நிமிர்த்தி, உள்ளே மட்டையை வைத்து, ஒட்டும் டேப்பால் இறுக்கிச் சுற்றினான். நாலு நாள் கழித்து டேப்பை உரித்தபோது முடியோடு தோலும் வந்தது. காதின் உட்புறம் சிவந்து நீர் கசிந்தது. முன்னங்கால்களும் வெளிப்பக்கமாக வளைந்தாற்போல் இருந்தன. பிறகுதான் மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

வைத்தியர் முதலில் குட்டியைத் தராசில் வைத்தார். ஏழு கிலோ. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். முன்பற்கள் மாறி முடிந்திருந்தன. வயது நான்கு மாதத்துக்குக் குறைவில்லை. அந்த வயதில் நன்றாகச் சாப்பிடும் அல்சேஷன் குட்டி பொதுவாக அதைப்போல் இரண்டு மடங்கு நிறை இருக்கும். குட்டி மெலிந்தும் இல்லை, பூச்சி வயிறும் இல்லை. கலப்புக் குட்டியாகத்தான் இருக்கும் என்றார். கெல்சியத்தை அன்றோடு நிறுத்தச் சொன்னார். காதுப் புண்ணுக்கு மருந்து கொடுத்தார். நல்ல வேளை, எலும்பு முற்றுவதற்கு முன்னால் போனார்கள். கால் பெருமளவு நிமிர்ந்துவிட்டது.

கவனியுங்கள். அந்தக் குட்டிக்கு ஒரு நோயும் இருக்கவில்லை. படத்தில் பார்த்த இனப்பெயரை நம்பி அதற்கு வைத்தியம் பார்த்தார்கள். அந்த வைத்தியம்தான் அதை நோயாளியாக்கியது.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால்தான் அடுத்தவர் சொல்லும் கதைக்குத் தலையாட்டாமல் இருப்பீர்கள்.

முதலில் காது. நாய்க்குட்டி பிறக்கும்போது காதுத் துவாரமே மூடியிருக்கும். ஏறத்தாழ இரண்டு கிழமையில்தான் திறக்கும். காது மடல் அப்போது வெறும் மெல்லிய தோல்தான். உள்ளே இருக்கும் குருத்தெலும்பு மெல்ல மெல்ல இறுகி, அடியில் உள்ள தசையும் பலப்பட்ட பிறகுதான் காது எழும்பும். அசல் அல்சேஷனுக்கே சிலவேளை இரண்டு மாதத்தில் நிற்கும், சிலவேளை ஐந்து மாதம் போகும். இடையில் ஒரு காது நிற்கும், ஒன்று விழும். இரண்டும் உச்சந்தலையில் ஒன்றோடொன்று சாயும். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் மூன்றரை மாதம் முதல் ஆறு மாதம் வரையான காலத்தில், நின்ற காதே மறுபடி தொங்கும். பிறகு திரும்ப எழும்பும்.

அதாவது ஒரே குட்டியை எட்டாவது கிழமையிலும், பதினான்காவது கிழமையிலும், ஆறாவது மாதத்திலும் படம் எடுத்தால் மூன்றும் மூன்று நாய் போலத் தெரியும். எட்டுக் கிழமையில் அல்சேஷனுக்கும் காது தொங்கலாம், லெப்ரடோருக்கும் தொங்கும், ஊர் நாய்க்கும் தொங்கும். வளர்ந்த பிறகு லெப்ரடோரின் காது தொங்கியே இருக்கும். ஊர் நாய்களில் சிலதுக்குக் காது நேராக நிற்கும், சிலதுக்கு நுனி மடியும். படத்தில் தொங்கும் காதைப் பார்த்து "பிறகு நிற்கும்" என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். அந்தச் சத்தியத்தை யாராலும் காப்பாற்ற முடியாது.

கெல்சியம் கதையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதுதான் எனக்குப் பெரிய பயம். வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேல் வரும் கெல்சியத்தைத் தடுத்துவிடும். சின்னக் குட்டிக்கு அந்தத் தடுப்பு இன்னும் சரியாக வேலை செய்யாது. நீங்கள் கொடுப்பதில் பெரும் பங்கு உடம்பில் சேர்ந்துவிடும். அது எலும்பு வளரும் ஒழுங்கைக் குழப்பும், கால் வளையும், மூட்டு கெடும். பெரிதாக வளரும் இனக் குட்டிகளுக்கு இந்த ஆபத்து இன்னும் கூட. அதாவது உங்கள் குட்டி உண்மையிலேயே அல்சேஷனாக இருந்தால் நீங்கள் கொடுக்கும் கெல்சியம் அதைக் கூடுதலாகக் கெடுக்கும். மறுபக்கம், வெறும் சோறும் இறைச்சியும் மட்டும் போட்டு வளர்த்தால் கெல்சியம் குறைந்து எலும்பு பலவீனமாகும். ஆகவே கொடுக்க வேண்டுமா, எவ்வளவு என்பதை மிருக வைத்தியர் குட்டியைப் பார்த்துச் சொல்லட்டும். காதைப் பார்த்து நீங்கள் தீர்மானிக்காதீர்கள்.

அடுத்தது முடி. குட்டிகளின் முதல் முடி மெத்தென்று இருக்கும். அது நிலையான முடி இல்லை. நான்காவது ஐந்தாவது மாதத்தில் கொட்டத் தொடங்கி வேறு முடி வரும். பொமேரியனைப் பாருங்கள். எட்டுக் கிழமையில் பஞ்சுப் பந்து. ஐந்து மாதத்தில் முகத்திலும் காலிலும் முடி கொட்டி, வால் மெலிந்து, பார்க்கச் சகிக்காது. நல்ல முடி நிரம்ப ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அந்த ஐந்தாவது மாதத்தில் "ஏமாற்றிவிட்டார்கள், இது பொமேரியனே இல்லை" என்று அசல் பொமேரியனையே கைவிடுபவர்கள் உண்டு. ஏமாற்றுக்காரர் விற்ற குட்டியை வைத்துக்கொண்டு "முடி இனித்தான் வரும்" என்று ஒரு வருடம் காத்திருப்பவர்களும் உண்டு.

நிறமும் அப்படித்தான். டல்மேஷன் குட்டி பிறக்கும்போது உடம்பில் புள்ளியே தெரியாது, வெள்ளையாக இருக்கும். புள்ளிகள் இரண்டாவது கிழமை அளவில்தான் தெரியத் தொடங்கும். யோர்க்ஷயர் டெரியர் கறுப்பும் பழுப்புமாகப் பிறந்து, முதுகு நீலச் சாம்பல் நிறமாக மாற இரண்டு வருடம்கூடப் போகும். அல்சேஷன் குட்டியும் கறுப்புக் கூடியதாகத்தான் பிறக்கும். வளர வளரக் கறுப்பு பின்வாங்கி முதுகில் சேணம் வைத்தாற்போல் நிற்கும். சேணம் எந்த அளவில் நிற்கும் என்று எட்டுக் கிழமையில் சொல்ல முடியாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. உடம்பு கறுப்பு, கண்ணுக்கு மேல் இரண்டு பழுப்புப் பொட்டு, காலும் நெஞ்சும் பழுப்பு. இந்த அமைப்பு ரொட்வைலருக்கு இருக்கும், டோபர்மனுக்கு இருக்கும், டேஷ் ஹவுண்டுக்கும் இருக்கும். எங்கள் தெருவில் பிறக்கும் குட்டிகளுக்கும் தாராளமாக இருக்கும். கண்ணுக்கு மேல் பொட்டு இருந்தால் ரொட்வைலர் என்று விற்பார்கள். அந்தப் பொட்டு நிறத்தின் அடையாளம் மட்டும்தான். இனத்தின் அடையாளம் இல்லை.

மூன்றாவது கால். படம் எல்லாவற்றையும் விட அதிகமாக ஏமாற்றுவது இங்கேதான். பிறந்த குட்டி எல்லாமே குட்டைக் கால்தான். காலின் நீள எலும்புகளின் இரு முனையிலும் மென்மையான ஒரு குருத்தெலும்புப் பட்டை இருக்கும். அங்கிருந்துதான் எலும்பு நீளும். சின்ன இன நாய்களில் அந்தப் பட்டை எட்டு மாதத்துக்குள் பெரும்பாலும் மூடிவிடும். பெரிய இனங்களில் ஒரு வருடமும் அதற்கு மேலும் திறந்திருக்கும். டேஷ் ஹவுண்டின் கால் குட்டையாக நிற்பதற்குக் காரணம் ஒரே ஒரு மரபணுவின் கூடுதல் பிரதி என்று 2009இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் பிரதி குட்டியின் உடம்பில் இருக்கிறதா இல்லையா என்பது முன்பக்கமிருந்து எடுத்த படத்தில் தெரியுமா?

"பாதம் பெரிசு, பெரிய நாயாக வரும்" என்று சொல்வார்கள். ஓரளவுதான் உண்மை. படத்தில் அதுவும் கிடையாது. ஃபோனைக் குட்டியின் மூக்குக்குக் கிட்டப் பிடித்து எடுத்தால் தலையும் முன்பாதமும் பெரிதாக விழும். பக்கத்தில் அளவு காட்ட ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கிலோக் குட்டியும் ஐந்து கிலோக் குட்டியும் ஒன்றுபோலத் தெரியும். நாலு ஐந்து மாதத்தில் காலெலும்பு முந்தி நீளும், உடம்பு பிந்தும். பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் தாழ்ந்து நிற்கும். அந்த வயதில் அசல் அல்சேஷனே நரிபோல ஒல்லியாகத் தெரியும். பெரிய இனக் குட்டிகளுக்கு முன்காலின் மணிக்கட்டுக்கு மேல் முட்டி வைத்தாற்போல் தடித்தும் இருக்கும். அது பெரும்பாலும் எலும்பு வளரும் இடம். அதை நோய் என்று நினைத்துக் கெல்சியம் வாங்க ஓடாதீர்கள். வலித்தால், நொண்டினால் மட்டும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

"என் கண்ணுக்குத் தெரியும், நான் எத்தனை நாய் பார்த்திருக்கிறேன்" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஸ்கொட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பசென்ஜி நாயையும் கொக்கர் ஸ்பானியலையும் கலந்து குட்டி எடுத்துப் பல வருடம் கவனித்தார்கள். 1965இல் அது புத்தகமாக வந்தது. பிறந்த கலப்பு நாய்கள் தாய் இனத்தையும் ஒக்கவில்லை, தகப்பன் இனத்தையும் ஒக்கவில்லை. அவற்றின் குட்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருந்தன. தாய் தகப்பன் இரண்டும் யார் என்று எழுதி வைத்திருந்த நாய்களின் கதை இது. 2009இல் கலிபோர்னியாவில் இன்னொரு ஆய்வு. நாய்களைத் தத்துக் கொடுக்கும் நிலையங்கள் 20 நாய்களுக்குச் சொன்ன இனப்பெயர்களை மரபணுப் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள். பெயர் சொல்லப்பட்ட நாய்களில் 87.5 வீதமானவற்றில், சொன்ன இனங்கள் எல்லாம் பரிசோதனையில் வரவில்லை. நாயைக் கையில் வைத்துக்கொண்டு, நாள்தோறும் நாய் பார்ப்பவர்கள் சொன்ன பெயர்கள் அவை. நீங்கள் பார்ப்பது படம். அதுவும் குட்டியின் படம்.

இன்னொன்று. பெட்டை நாய் பருவத்தில் இருக்கும்போது பல ஆண் நாய்கள் கூடும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன் இருக்கலாம். இது அபூர்வமான விஷயம் இல்லை. கேற் திறந்து கிடந்த ஒரு மணித்தியாலம் போதும். "தகப்பன் நாயையும் காட்டினார்கள்" என்பதும் முழு உறுதி ஆகாது.

இனி ஆபத்து அடையாளங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் பின்வாங்குங்கள்.

தாய் நாயைக் காட்ட மாட்டார்கள். தூரம் என்பார்கள், ஊரில் என்பார்கள். வீடியோ அழைப்பில் தாயும் குட்டிகளும் ஒன்றாக இருப்பதைக் காட்டச் சொன்னால் நெட்வேர்க் சரியில்லை என்பார்கள்.

ஒரே படம்தான் இருக்கும். பக்கவாட்டில் நிற்கும் படம், தராசில் வைத்த படம், வாயைத் திறந்த படம் கேட்டால் வராது.

சொல்லும் வயது பல்லுக்குப் பொருந்தாது. பால்பல் ஏறத்தாழ மூன்றாவது நான்காவது கிழமையில் முளைக்கத் தொடங்கும். முன்பற்கள் மூன்றாவது நான்காவது மாதத்தில் விழுந்து மாறும். "இரண்டு மாதம்" என்ற குட்டிக்குப் பெரிய முன்பல் இருந்தால் வயதில் பொய். வளர்ச்சி நின்றுபோன சின்ன நாயைப் பெரிய இனத்தின் சின்னக் குட்டி என்று விற்கும் வழி இதுதான். எட்டுக் கிழமை ஆகுமுன்பே தாயிடமிருந்து பிரித்துக் கொடுப்பவரையும் நம்பாதீர்கள்.

காதில் டேப் ஒட்டிய படம் அனுப்புவார்கள். அல்லது "காது நிற்கும், கேரண்டி" என்று எழுதுவார்கள். கேரண்டி கொடுக்க முடியாததற்குக் கேரண்டி கொடுப்பவர் மற்றதிலும் அப்படித்தான்.

"பேப்பர் பிறகு வரும்" என்பார்கள். இலங்கையில் இனப் பதிவு வேண்டுமென்றால் அது கென்னல் அசோசியேஷன் ஒஃப் ஸ்ரீ லங்காவின் சான்றிதழ். பெற்றோர் இரண்டும் பதிவாகியிருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையைக் காட்டி "இதுதான் பேப்பர்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தடுப்பூசி அட்டையில் இனம் என்ற இடத்தில் கொண்டுவந்தவர் சொன்னதைத்தான் எழுதுவார்கள். அது சாட்சி ஆகாது.

இவ்வளவும் விற்பவரைப் பற்றி. தெருவில் கிடந்த குட்டியைத் தூக்கி வந்தவர்களும் இதே தவறில் விழுகிறார்கள், அது இன்னும் கொடுமை. அகன்ற தலையும் கட்டையான முகமும் உள்ள குட்டியின் படத்தைப் போட்டால் யாராவது ஒருவர் "பிட்புல் மாதிரி இருக்கு, கவனம்" என்று எழுதிவிடுவார். அதோடு அந்தக் குட்டியை எடுக்க ஆள் இல்லை. எடுத்தவரும் பயந்து கொண்டுபோய் விட்டுவிடுவார். குட்டிகளின் முகம் பொதுவாகவே கட்டையாகத்தான் இருக்கும். மூக்கு நீளுவது பிறகு. படத்தைப் பார்த்து ஒரு வார்த்தை எழுதுபவருக்கு அது பொழுதுபோக்கு. அந்தக் குட்டிக்கு அது உயிர்.

சரி, என்ன செய்யலாம்? இனம்தான் வேண்டும் என்றால் தாயைப் போய்ப் பாருங்கள், பதிவைக் கையில் வாங்குங்கள், முன்பணம் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது, இனம் தெரியவில்லை என்றால் கிழமைக்கு ஒரு முறை நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். நாய் எவ்வளவு பெரிதாகும் என்று படத்தை விடத் தராசு நன்றாகச் சொல்லும். சின்ன இனங்கள் மூன்று நான்கு மாதத்தில் முழு நிறையின் பாதியைத் தொடும். பெரியவை ஐந்து மாதம் அளவில் தொடும். குடற்பூச்சியும் பட்டினியும் இந்தக் கணக்கைக் கெடுக்கும். ஆகவே பூச்சி மருந்து கொடுத்த பிறகு வரும் நிறையை எடுங்கள். காதும் முடியும் எப்படி வருகிறது என்று ஆறு மாதம் வரை பேசாமல் விடுங்கள். ஆறு மாதத்திலும் நிற்காத காது பெரும்பாலும் இனி நிற்காது. அது நோயும் இல்லை, குறையும் இல்லை.

இனம் எதுவாக இருந்தாலும் விசர்நாய்க்கடி தடுப்பூசி போட வேண்டும். கொழும்பு மாநகர சபையில் பதிய வேண்டும். இரண்டு அறை வீட்டில் 35 கிலோ நாய் வளர்க்க இடம் இருக்கிறதா என்று வாங்குமுன் யோசிக்க வேண்டும். 15 கிலோ என்று நினைத்து வாங்கியது 35 கிலோவாகவும் வரும்.

அந்த அக்கா வீட்டுக் குட்டி இன்றைக்குப் பதினைந்து கிலோ. பழுப்பு நிறம், குட்டை முடி, ஒரு காது பாதி மடிந்தது. உறவினர் ஒருவர் களனிப் பாலத்துக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னார். அக்கா விடவில்லை. தெரியாத ஆள் ஒழுங்கைக்குள் கால் வைத்தால் முதலில் குரைப்பது அதுதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குட்டி நிற்கிறதென்றால், ஏமாற்றியவர் மீதுள்ள கோபத்தை அதன் மீது காட்டாதீர்கள். கெல்சியப் போத்தலைக் கீழே வையுங்கள், டேப்பைக் கழற்றுங்கள், நாளைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் நிறுத்துப் பாருங்கள்.